குற்ற மனம் நிரூபிக்கத் தேவையில்லை என்றால் சில்லறைக் கடைக்காரருக்கு வாதமே இல்லையா?

கல்லாப்பெட்டி:
சட்டம் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. சீல் உடையாத 500 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட். கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் பில் போட்டு வாங்கி அலமாரியில் அடுக்கியிருக்கிறார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுத்துப் போகிறார். அனுமதியில்லாத செயற்கைச் சாயம் இருக்கிறது, பாதுகாப்பற்ற உணவு என்று ஆய்வறிக்கை வருகிறது. கடைக்காரர் அந்தப் பாக்கெட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அவருக்கு வழியில்லை. ஆனாலும் கலப்பட வழக்கில் எண்ணம் பார்க்க மாட்டார்கள், விற்றாலே குற்றம் என்கிறார்கள். அப்படியானால் அவர் நீதிமன்றத்தில் என்னதான் சொல்ல முடியும்?

தராசுமுள்:
ஒன்றும் சொல்ல முடியாது. உணவுக் கலப்படத்தில் குற்ற மனம் தேவையில்லை என்பது ரொம்பப் பழைய சட்டம். 1961-இல் சர்ஜு பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கலப்படக் கடுகெண்ணெய் விற்றவர் முதலாளிகூட இல்லை, கடை ஊழியர். எண்ணெய் கலப்படம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே கேள்வி இல்லை என்று தண்டனையை உறுதி செய்தார்கள். 1974-இல் பியாரலி தேஜானி வழக்கிலும் இதே நிலைதான், அது செயற்கை இனிப்பு சேர்த்த பாக்கு. ஆகவே விற்றது நிரூபணமானால் முடிந்தது, தற்காப்பு என்று எதுவும் கிடையாது.

பழைய_வழக்குக்கட்டு:
தராசுமுள் சொன்ன இரண்டு தீர்ப்பும் சரி. கடைசி வரி மட்டும் தவறு. அந்த ஒரு வரியை நம்பித்தான் பல கடைக்காரர்கள் வாதாடாமலே ஒப்புக்கொண்டு விடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தத் தீர்ப்புகள் 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்படி வந்தவை. அதன் 19-ஆம் பிரிவின் முதல் பகுதி, பொருளின் தன்மை எனக்குத் தெரியாது என்று விற்பவர் சொல்வது தற்காப்பு ஆகாது என்றது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அடுத்த பகுதியிலேயே ஒரு வழியும் இருந்தது. எழுத்து மூலமான உத்தரவாதத்தோடு வாங்கினேன், சரியாக வைத்திருந்தேன், வாங்கிய நிலையிலேயே விற்றேன் என்று நிரூபித்தால் விற்பவர் குற்றம் செய்தவராகக் கருதப்பட மாட்டார்.

இப்போது நடப்பில் இருப்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். பழைய சட்டம் நீங்கி இது 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக வந்தது. இதில் 80-ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் பல உட்பிரிவுகள் உண்டு. நமக்கு வேண்டியவை 'பி', 'சி' இரண்டும்.

'சி' சொல்வது இது: பொருள் நல்லது என்று நான் நம்பினேன், அப்படி நம்ப நியாயமான காரணமும் இருந்தது என்பது தற்காப்பே ஆகாது. கதவு அங்கே மூடிவிடுகிறது.

'பி' வேறு கேள்வி கேட்கிறது. நீ என்ன நம்பினாய் என்பதை விட்டுவிடு, என்ன செய்தாய்? நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்து, உரிய கவனத்தோடு நடந்துகொண்டதை நிரூபித்தால் அது தற்காப்பு. சில்லறை விற்பவருக்கு அது எப்படி நிறைவேறும் என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். தவறு இன்னொருவர் செய்கையால் வந்திருக்க வேண்டும். நீங்கள் நியாயமான சோதனை செய்திருக்க வேண்டும், அல்லது கொடுத்தவர் செய்த சோதனையை நம்பியது நியாயமாக இருக்க வேண்டும். பொருளை நீங்களே வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்திருக்கக் கூடாது. வாங்கிய நிலையிலேயே விற்றிருக்க வேண்டும். குற்றம் என்று தெரியாமலும், சந்தேகப்படக் காரணம் இல்லாமலும் இருந்திருக்க வேண்டும்.

'நம்பினேன்' என்று சொல்லி நிற்பவர் தோற்பார். 'இதையெல்லாம் செய்தேன், இதோ தாள்கள்' என்று நிற்பவருக்கு வழி இருக்கிறது. நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான், அரசுத் தரப்பின் மேல் அல்ல. ஆனால் அரசுத் தரப்புபோல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி ஏற்கும் அளவுக்குக் காட்டினால் போதும்.

துளசி77:
இதே சட்டம் விபத்திலும் உண்டே. மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் ஓட்டுநர் மேல் தவறு இருக்கிறதா என்று பார்க்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். இந்தக் கடைக்காரரும் அதுபோல் பணம் கட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடும் அல்லவா?

பழைய_வழக்குக்கட்டு:
இல்லைங்க, அது வேறு. 164 இழப்பீடு. பாதிக்கப்பட்டவர் கைக்குப் பணம் போகும், யாரும் குற்றவாளி ஆவதில்லை. இங்கே பேசுவது அரசு தொடரும் குற்ற வழக்கு, பாதுகாப்பற்ற உணவு என்றால் 59-ஆம் பிரிவில் சிறைத்தண்டனையே உண்டு. இரண்டிலும் 'தவறு பார்க்க வேண்டாம்' என்ற சொல் வருவதால் ஒன்றுபோல் தெரிகிறது.

மொத்தவியாபாரி:
80-ஆம் பிரிவு கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அது எங்கே உடைகிறது என்று சொல்கிறேன். பேட்ச் எண்ணில் உடைகிறது.

26-ஆம் பிரிவின்படி, விற்பவருக்குப் பொருள் கொடுப்பவர் தரத்துக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும். தனியாக உத்தரவாதப் படிவம் இல்லாவிட்டாலும் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும் என்று அங்கே ஒரு சலுகை இருக்கிறது. இதைக் கேட்டதும் கடைக்காரர்கள் நிம்மதி ஆகிவிடுகிறார்கள். பில்லில் என்ன எழுதியிருக்கிறது? 'மிளகாய்த்தூள் 500 கி, 20 எண்ணம்', அவ்வளவுதான். அலுவலர் எடுத்த பாக்கெட்டில் ஒரு பேட்ச் எண் இருக்கும். அந்தப் பாக்கெட்தான் இந்தப் பில்லில் வந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? கொடுத்தவரை நீதிமன்றத்துக்கு இழுத்தால், இது என் சரக்கே இல்லை என்று ஒரே வரியில் கையை உதறிவிடுவார். ஒரே பிராண்டை இரண்டு பேரிடம் வாங்கும் கடை என்றால் கேட்கவே வேண்டாம்.

சரக்கு இறங்கும்போதே பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதி நாளும் எழுதி வாங்குங்கள். கணினி பில்லில் அதற்கு இடம் இல்லை என்றால், நகலின் பின்னால் கையால் எழுதி, இறக்கியவர் கையெழுத்துப் போட்டாலே போதும். கொடுத்தவரின் உரிமம் அன்றைக்கு நடப்பில் இருந்தது என்பதற்கு ஒரு நகல். மொத்த வேலையும் 5 நிமிடம்.

கல்லாப்பெட்டி:
பேட்ச் எண் விஷயம் யோசிக்கவே இல்லை. நன்றி அண்ணாச்சி. அதே மிளகாய்த்தூளை மூட்டையில் வாங்கி எடை போட்டு விற்றால்?

மொத்தவியாபாரி:
அப்போது சாயம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு முன்பே மாட்டிக்கொள்வீர்கள். பொடித்த மசாலாவைப் பொட்டலமிடாமல் விற்பதே விதிமுறைப்படி தடை. தூள் சுத்தமானதாகவே இருந்தாலும் அது மீறல்.

பழைய_வழக்குக்கட்டு:
அதோடு 'வாங்கிய நிலையிலேயே விற்றேன்' என்ற கால் முறிந்துவிடும். மூட்டை பிரித்த பிறகு கரண்டி, டப்பா, பழைய தூளின் மிச்சம் என்று எதிலிருந்தும் வந்திருக்கலாம் என்று அரசுத் தரப்பு சொல்லும். சீல் உடையாத பாக்கெட்டில் அந்தக் கேள்வியே எழாது. மேலும் 27-ஆம் பிரிவு, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத பொருளுக்கு விற்பவரே பொறுப்பு என்கிறது. மூட்டைத் தூளுக்குப் பெரும்பாலும் அந்த நிலைதான்.

சட்டமாணவி:
27-ஆம் பிரிவு பற்றி ஒரு மறுப்பு சொல்லலாமா சார்? அதே பிரிவில் விற்பவர் பொறுப்பாகும் சூழல்கள் பட்டியலாக இருக்கின்றன: காலாவதிக்குப் பின் விற்றது, சுகாதாரமில்லாமல் வைத்தது, தப்புக்குறியீடு, யாரிடம் வாங்கியது என்று தெரியாதது. கடைசியாக, பாதுகாப்பற்றது என்று 'தெரிந்தே' பெற்றுக்கொண்டது. அப்படியானால் சீல் உடையாத பாக்கெட் விற்றவரைப் பிடிக்க அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும் என்றுதானே பொருள்? 80-க்குப் போகவே தேவையில்லை.

தராசுமுள்:
59-ஆம் பிரிவில் 'தெரிந்தே' என்ற சொல் இல்லை. விற்றால் போதும். தண்டிக்கும் பிரிவு அதுதான்.

சட்டமாணவி:
59-இல் இல்லை என்பது சரி. 2024 பிப்ரவரியில் ராம்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைக் கவனித்தது. கேள்வி, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் உணவுக் கலப்படத்துக்கு இருந்த 272, 273-ஆம் பிரிவுகளிலும் சேர்த்து வழக்குப் போடலாமா என்பது. 272-க்கு எண்ணம் வேண்டும், 59 எண்ணம் இல்லாமலே பொருந்தும், உணவுப் பாதுகாப்புச் சட்டமே மேலோங்கும் என்றார்கள். ஆனால் 59-ஐ 27-உடன் சேர்த்துப் படிக்க வேண்டாமா? ஒரு சட்டத்தின் ஒரு பிரிவு 'தெரிந்தே' என்று சொல்லும்போது இன்னொரு பிரிவு அதை இல்லாமல் ஆக்கிவிடுமா? எம்.எச். ஜார்ஜ் தங்க வழக்கு 1965-இல் குற்ற மனம் வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டே நாதுலால் வழக்கு, தானிய வியாபாரி உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, வந்துவிடும் என்று நம்பிச் சேமித்தபோது, குற்ற மனம் வேண்டும் என்று விடுவித்தது. சட்டத்தின் சொல்லமைப்பைப் பொறுத்துத்தான் முடிவு மாறுகிறது.

பழைய_வழக்குக்கட்டு:
நல்ல வாதம் அம்மா. நான் உன்னோடு பாதி ஒத்துப்போகிறேன். சில்லறைக்காரர் சார்பில் 27-ஐ முதலில் வைத்து வாதாடத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். 80 'சி' இருக்கும் சட்டத்தில், விற்பவரின் அறிவை அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும் என்று எல்லா நீதிபதியும் ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 27-ஐ முதல் வாதமாகவும், 80 'பி'யை ஆவணங்களோடு இரண்டாவதாகவும் வைத்துக்கொள்வதே பத்திரம்.

நான்குசக்கரம்:
என் விஷயம் வண்டி. காரின் காப்பீடு முந்தைய நாள் இரவோடு முடிந்திருந்தது, கவனிக்கவில்லை. மறுநாள் காலை சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் எடுத்துப்போனபோது சலான் போட்டார்கள். மறந்ததுதான், வேண்டுமென்றே இல்லை. டிரைவர் மேலும் வழக்கு வருமா?

பழைய_வழக்குக்கட்டு:
உங்கள் 'மறந்துவிட்டேன்' எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவு, காப்பீடு இல்லாத வண்டியை ஓட்டவோ ஓட்ட அனுமதிக்கவோ கூடாது என்கிறது. ஒரு நாள் என்றாலும் இல்லாதது இல்லாததுதான். 196-இன்படி முதல் முறைக்கு 2,000 ரூபாய், 3 மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு. அடுத்த முறை 4,000.

டிரைவர் கதை வேறு. 146-லேயே ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு மட்டும் ஓட்டுபவர், காப்பீடு இல்லை என்று தெரிந்திருந்தால் அல்லது நம்பக் காரணம் இருந்தால் ஒழிய மீறியவர் ஆக மாட்டார். ஒரே ஓட்டம், ஒரே வண்டி. உரிமையாளரிடம் மனநிலை கேட்பதில்லை, கூலிக்கு ஓட்டுபவரிடம் கேட்கிறார்கள். காப்பீட்டைக் கட்டும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் மேல்தான் கண்டிப்பு விழுகிறது.

தராசுமுள்:
குடித்துவிட்டு ஓட்டுவதிலும் அப்படியா?

பழைய_வழக்குக்கட்டு:
185-இல் எண் மட்டும்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் குற்றம். நான் நிதானமாக ஓட்டினேன், வண்டி தடுமாறவில்லை என்பதெல்லாம் வாதமாகாது. கருவி சரியாக இயங்கியதா, அளவீடு யாருடையது என்பதைக் கேட்கலாம். மனத்தைப் பற்றிக் கேட்காத குற்றங்களில் சண்டை முழுவதும் அளவீட்டின் மேல்தான் நடக்கும். கலப்பட வழக்கிலும் அதுவே.

கல்லாப்பெட்டி:
அளவீட்டின் மேல் சண்டை என்றால், மிளகாய்த்தூளில் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய_வழக்குக்கட்டு:
அலுவலர் கடைக்குள் வந்த நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

ஆய்வுக்கு எடுக்கிறேன் என்று அங்கேயே எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பிறகு மாதிரியை நான்கு பாகமாக்கி, ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு சீல் வைக்க வேண்டும். நம் உதாரணத்தில் ஒரே பேட்ச் எண் கொண்ட நான்கு பாக்கெட்டுகள். நான்கிலும் எண் ஒன்றா என்று நீங்களும் பாருங்கள், வேறு வேறு எண் கலந்துவிட்டால் பின்னால் நான்கையும் ஒரே மாதிரி என்று சொல்ல முடியாது. கடைக்காரரின் கையெழுத்து வேண்டும். மறுத்தால் சாட்சியை வைத்து எடுப்பார்கள், மறுப்பதால் உங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை.

ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பாகம் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் காவலில். நான்காவது பாகம்தான் முக்கியம். நீங்கள் கேட்டால் அதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், செலவு உங்களுடையது. கேட்காவிட்டால் போகாது. அந்த இடத்திலேயே எழுதிக் கேளுங்கள். இரண்டு அறிக்கையும் மாறுபட்டால் நியமன அலுவலர் தன் காவலில் உள்ள ஒரு பாகத்தை மேல்முறை ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும், அதன் முடிவே இறுதி. குற்ற மனம் பார்க்காத வழக்கில் ஆய்வறிக்கையே முழு வழக்கு என்பதால் இந்த நான்காவது பாகத்தை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

நான்காவது பாகம் கேட்காமல் விட்டிருந்தாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. அறிக்கை கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு.

சட்டமாணவி:
பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் 46-ஆம் பிரிவில் இருக்கிறதே. தாமதமானால் வழக்கு விழுந்துவிடுமா?

பழைய_வழக்குக்கட்டு:
எல்லா உயர் நீதிமன்றமும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. தாமதத்தால் பொருள் கெட்டிருக்கலாம் என்று காட்ட முடிந்தால் வாதத்துக்கு எடை கூடும். மிளகாய்த்தூளில் சாயம் என்பது நாள் ஆனதால் புதிதாக முளைப்பதில்லை, அங்கே இந்த வாதம் இளைத்துப்போகும். ஈரப்பதம் என்றால் வேறு.

மொத்தவியாபாரி:
ஈரப்பதத்தைச் சொன்னது சரி. மிளகாய்த்தூளுக்கு மேல் வரம்பு 11 சதவீதம். 12.4 என்று அறிக்கை வந்தால் அது பாதுகாப்பற்றது ஆகாது, தரம் குறைவு மட்டும். அந்த வழக்கு நீதிமன்றத்துக்கே போகாது.

பழைய_வழக்குக்கட்டு:
ஆமாம், இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரம் குறைவுக்கு 51-ஆம் பிரிவில் 5 லட்சம் வரை அபராதம், சிறை இல்லை. விசாரிப்பவர் தீர்ப்பளிக்கும் அலுவலர், நம் மாநிலத்தில் மாவட்ட வருவாய் அலுவலர். எவ்வளவு அபராதம் என்று முடிவு செய்யும்போது 49-ஆம் பிரிவைப் பார்த்தாக வேண்டும். கிடைத்த லாபம், ஏற்பட்ட இழப்பு, திரும்பத் திரும்பச் செய்ததா என்பதோடு, 'அவருக்குத் தெரியாமல் நடந்ததா' என்பதும் அதில் ஒரு அம்சம்.

குற்றமா இல்லையா என்று முடிவு செய்யும்போது வெளியே நிறுத்திய மனநிலை, எவ்வளவு தண்டனை என்னும்போது உள்ளே வந்துவிடுகிறது. எனவே 'எனக்குத் தெரியாது' என்பதைப் பதில் மனுவில் எழுதாமல் விடாதீர்கள். விடுதலைக்கான வாதமாக அல்ல, 49-இன்படி அபராதத்தைக் குறைக்கும் வாதமாக, அந்தப் பிரிவு எண்ணோடு எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் நம்பிக்கை வாதம் என்று 'சி'யைக் காட்டி ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்கள்.

கல்லாப்பெட்டி:
12.4 வந்தால் கடையின் மேல் தவறா, ஆலையின் மேலா?

மொத்தவியாபாரி:
பாக்கெட்டைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். ஓட்டை இல்லாத, நன்றாக ஒட்டிய பிளாஸ்டிக் பாக்கெட் என்றால் கடையில் ஈரம் ஏற வாய்ப்பு குறைவு, காயவைக்காமல் அரைத்திருப்பார்கள். காகித உறையோ, மடிப்பில் பிரிந்த ஒட்டோ என்றால், சுவரை ஒட்டித் தரையில் வைத்த கடைதான் காரணம் என்பார்கள். மாதிரி எடுக்கும்போதே அடுக்கிய இடத்தைப் படம் எடுத்து வையுங்கள், தரையிலிருந்து உயரமாக, சுவரிலிருந்து தள்ளி இருக்கிறது என்று தெரியும்படி.

தராசுமுள்:
80-ஐ நான் முழுவதும் படிக்காமல் எழுதியது உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நியாயமான சோதனை என்று சட்டம் சொல்கிறது. சீல் போட்ட பாக்கெட்டில் சில்லறைக் கடைக்காரர் என்ன சோதனை செய்ய முடியும்? ஒவ்வொரு பேட்சையும் ஆய்வகத்துக்கு அனுப்பவா?

பழைய_வழக்குக்கட்டு:
அதைக் கேட்க மாட்டார்கள். அவரால் செய்யக்கூடியது உரிம எண், காலாவதி, சீல், பேட்ச், கொடுத்தவரின் பில், வைத்த விதம். அதற்கு மேல் கொடுத்தவரின் சோதனையை நம்பியது நியாயம் என்பது அடுத்த வாதம். ஆனால் சந்தை விலையில் பாதிக்கு வாங்கியிருந்தால், சந்தேகப்படக் காரணம் இருந்தது என்று அந்தப் பில்லே உங்களுக்கு எதிராகப் பேசும்.

சட்டமாணவி:
இதே பேட்சிலிருந்து முன்பு வாடிக்கையாளர் யாராவது நிறம் கையில் ஒட்டுகிறது என்று புகார் சொல்லியிருந்தால்?

பழைய_வழக்குக்கட்டு:
அந்த நாளிலிருந்து 'பி' கைவிட்டுப் போகும். புகார் வந்ததும் மீதிப் பாக்கெட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைத்து, கொடுத்தவருக்கு எழுத வேண்டும். ஒரு பேட்சில் ஒன்று பாதுகாப்பற்றது என்றால், மாறாகக் காட்டும்வரை அந்த பேட்ச் முழுவதும் அப்படித்தான் என்று 26-ஆம் பிரிவே அனுமானிக்கிறது. எடுத்து வைக்காமல் விற்றுக்கொண்டே இருந்தார் என்றால், சட்டமாணவி சொல்லும் 27-இன் 'தெரிந்தே' என்ற சொல்லும் அவருக்கு எதிராகத் திரும்பிவிடும்.

சட்டமாணவி:
கடைக்காரர் சரக்கு வாங்கும்போது தெரியாது, விற்கும்போது தெரியும். 27 'தெரிந்தே பெற்றுக்கொண்ட' என்றுதானே சொல்கிறது? பெற்ற நேரமா, விற்ற நேரமா?

பழைய_வழக்குக்கட்டு:
சொல்லைப் பிடித்தால் பெற்ற நேரம். நீதிமன்றம் அங்கே நிற்கும் என்று நான் நினைக்கவில்லை, 59-க்கு விற்றாலே போதும் என்பார்கள். நீ வாதாடும் நாளில் என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுது.

கல்லாப்பெட்டி:
கடைக்காரருக்கு அறிக்கை வந்து 9 நாள் ஆகிறது. நான்காவது பாகம் கேட்கவில்லை. இன்னும் 21 நாள் இருக்கிறது. மேல்முறையீட்டை நாளைக்கே எழுதச் சொல்கிறேன். பில்லில் பேட்ச் எண் இல்லை, மொத்த வியாபாரியின் கிடங்குப் பதிவில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.